ஆசிட் என்று எழுதிய சீட்டு

காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் ஐயாவு அண்ணன் என் கிளினிக்குக்குள் வந்து, ஒரு கட்டுத் தாளை மேஜையில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் பல் டாக்டர், என்னிடம் சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு.

"டாக்டரம்மா, மனு ரெடி. மூணு மணிக்குத் தாலுகா ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. உங்க சீட்டுதான் மொதப் பக்கம்" என்றார்.

எந்தச் சீட்டு என்று கேட்கவில்லை. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மனுவின் முதல் தாளாக, மேலே என் பெயரும் பதிவு எண்ணும் அச்சிட்ட மருந்துச் சீட்டின் ஜெராக்ஸ் குத்தியிருந்தது. நோயாளி பெயர் வைரக்கண்ணு, வயது 54. அதற்குக் கீழே நானே எழுதியது: "பற்களில் ஆசிட் அரிப்பு. காரணம் பார்க்கணும்." இரண்டாவது வாக்கியத்தின் மேல் ஜெராக்ஸ் கடையில் யாரோ ஆதார் அட்டையை வைத்துவிட்டிருந்தார்கள். "ஆசிட் அரிப்பு" மட்டும் தெளிவாக நின்றது. அதைச் சிவப்பு மையில் வட்டமும் போட்டிருந்தார்கள்.



எங்கள் ஊர் கீழச்செம்பியத்தில் ஆசிட் என்றால் ஒரே அர்த்தம்தான். எண்ணெய்க் கம்பெனி ஊருக்கு மேற்கே கிணறு போட்ட நாளிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை மஞ்சள் டேங்கர் லாரி வரும். கிணற்றின் அடைப்பை எடுக்க ஆசிட் இறக்குகிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது ஊர் வாய்க்காலை ஒட்டி இரண்டாவது கிணறு. அடுத்த வாரம் இயந்திரம் வருகிறது. இன்றைக்குப் பேச்சுவார்த்தையில் நம் மனு தோற்றால் போலீஸ் காவலோடு வரும். எந்தக் கழகம் ஆண்டாலும் அந்த லாரிக்கு மட்டும் வழி கிடைத்துவிடும், அது வேறு கதை.

வைரக்கண்ணு என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. தாத்தா காலத்தில் பண்ணையில் வேலை செய்த குடும்பம். நில உச்சவரம்பில் கிடைத்த ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர் நிலத்துக்கு அடியும் உதையும் வாங்கிப் பட்டா எடுத்தார்கள். அந்த நிலம் இப்போது கம்பெனி கேட்கிற இடத்தில் இருக்கிறது. தொண்ணூறு நாளாகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்குச் சித்தப்பாதான் தலைவர். மேடையில் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவார். "பாருங்க, இந்தத் தண்ணியக் குடிச்சு என் பல்லு கரைஞ்சு போச்சு" என்பார். கூட்டம் கொந்தளிக்கும். கேட்டபோது எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு இன்று நன்றாக வாங்கப்போகிறேன்.

"அண்ணே, ரெண்டாவது பக்கம் என்ன?" என்றேன்.

"எங்க வயலுதான். தை மாசம் கம்பெனிக் குழாய் வெடிச்சு மூணு மாவுல எண்ணெ பாஞ்சுதே, அந்த மண்ணு பரிசோதன. மண்ணுல எண்ணெ இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா அத யாரு படிப்பா? எல்லாம் நம்பர். உங்க சீட்டுன்னா ஒரே வார்த்த."

அந்த ஒரே வார்த்தைதான் ஊரைக் கவிழ்க்கப் போகிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து நாளுக்கு முன்னால் சித்தப்பா என் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபோது நான் பார்த்தது இது. மேல் வரிசை முன்பற்களின் வெளிப்பக்கம் வழவழவென்று மின்னியது, பல்லுக்கே உரிய மெல்லிய வரி ஒன்றும் இல்லை. நுனி மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேட்டில் சின்னச் சின்னக் குழிகள். எப்போதோ அடைத்த வெள்ளி அடைப்பு மட்டும் தேயாமல் துருத்திக்கொண்டு நின்றது. சுற்றியிருந்த பல் கரைந்து கீழே போய்விட்டது. உலோகம் ஆசிட்டுக்கு அசரவில்லை, எனாமல் அசைந்து கொடுத்துவிட்டது.

தண்ணீரில் ஃப்ளோரைடு கூடினால் சிறு வயதிலேயே பல்லில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டு விழும். இது அப்படியில்லை. அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு முன்பல்லின் உட்பக்கம் அரிக்கும். இவருக்கு உட்பக்கம் நன்றாக இருந்தது. வெளியிலிருந்து வாய்க்குள் போகிற ஏதோ ஒன்று. நான் கேட்கத்தான் செய்தேன்.

"கூல்டிரிங்க்ஸ் குடிக்கிறீங்களா சித்தப்பா?"

"ஏந்தாயி, எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்ச நாள்லேருந்து கலர் தொட்டதே கிடையாது. கல்யாண வீட்டுல குடுத்தாக்கூட வேணாம்னுருவேன்."

கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் நம்பினேன். எலுமிச்சை, புளி, வினிகர் என்று எல்லாம் கேட்டுவிட்டு, காரணம் பார்க்கணும் என்று எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னேன். அவர் வரவில்லை. சீட்டு மனுவுக்குப் போய்விட்டது.

ஐயாவு அண்ணனை அனுப்பிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பையில் உமிழ்நீரில் ஆசிட் பார்க்கும் தாள்பட்டைப் பெட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கிளினிக் இருக்கும் வலங்கைமானிலிருந்து ஊருக்குப் பதினைந்து நிமிஷம். அறுவடை முடிந்த வயலெல்லாம் தாளடியாகக் கிடந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டே சித்தப்பாவைத் திட்டிக்கொண்டு போனேன். என்னையும் சேர்த்துத்தான்.

சித்தி கண்ணாத்தாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போன மாதம் வரப்பில் கால் வழுக்கிக் கையை ஊன்றியவள். சின்ன விழுகை, பெரிய முறிவு. அதையும் தண்ணீர்க் கணக்கில் மனுவில் எழுதியிருந்தார்கள். வலது கையில் டம்ளர். டம்ளரில் கறுப்பாக நுரைத்துக்கொண்டு ஒன்று.

"என்ன சித்தி அது?"

"சித்தப்பாவோட சுகர் பாட்டிலு. ஒரு வாய் குடிக்கிறியா?"

சமையற்கட்டுக்குள் போனேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி, அதில் முழுக்கக் கோலா பாட்டில். எல்லாம் சர்க்கரை இல்லாத வகை. லேபிளில் பெரிய பூஜ்யம். வாசல் மூலையில் காலி பாட்டில்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன. நான் தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சித்தப்பா உள்ளேயிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேச்சுவார்த்தைக்குத் தயார்.

"கலர் தொடமாட்டேன்னீங்களே?"

"இது கலர் இல்ல தாயி. இதுல சர்க்கரையே கிடையாது. சிங்கப்பூர்லேருந்து உன் தம்பிதான் சொன்னான், சர்க்கரை உள்ளவங்க இதக் குடிக்கலாம்னு. நாலு வருசமா குடிக்கிறேன். டாக்டரும் இதக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லல."

பொய் சொல்லவில்லை அவர். அதுதான் கொடுமை. எங்கள் பேச்சில் சர்க்கரை என்றால் இனிப்பும் அதுதான், வியாதியும் அதுதான். சர்க்கரை இல்லை என்றால் வியாதி இல்லை, கெடுதல் இல்லை, எல்லாம் சரி. அந்த ஒரு சொல்லில் அவர் நாலு வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு பாட்டில். பந்தல்ல பேசிட்டே இருக்கணுமே, தொண்ட காயுது. ஒரேயடியாக் குடிக்கமாட்டேன். காலைல தொறந்தா சாயங்காலம் வரைக்கும் ஒரு ஒரு மொடக்கா."

"பல்லு?"

"கூசும். கூசுனா உப்பும் கரித்தூளும் போட்டு உடனே தேச்சுருவேன்."

நான் பெட்டியைத் திறந்தேன். ஒரு பட்டையைச் சித்தியின் டம்ளரில் நனைத்தேன். பட்டை உடனே ஆரஞ்சும் சிவப்புமாக மாறியது. இன்னொன்றைக் கொல்லையில் இருந்த அடிபம்பின் தண்ணீரில் நனைத்தேன். பச்சை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் கண்முன் பிடித்தேன்.

"செவப்புதான் ஆசிட். உங்க பாட்டில்ல இருக்கு, சித்தப்பா. சர்க்கரைய எடுத்துட்டு இனிப்புக்கு வேற போட்டிருக்கான், ஆசிட்ட எடுக்கல. பல்லக் கெடுக்க அதுவே போதும். ஒரு மொடக்குக் குடிச்சா எச்சில் அத அலம்பி பல்ல மறுபடி கெட்டிப்படுத்த அரைமணி நேரம் வேணும். நீங்க அதுக்குள்ள அடுத்த மொடக்கு. சர்க்கரை உள்ளவங்களுக்கு எச்சிலே கம்மி. போதாததுக்கு, ஆசிட்டுல ஊறி மெதுமெதுன்னு இருக்குற பல்லுல கரித்தூள் வச்சுத் தேச்சா? உங்க கையாலயே செத்திப்போட்டுருக்கீங்க."

அவர் இரண்டு பட்டையையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எங்கையி?" என்று சித்தி கேட்டாள்.

எலும்பைப் பற்றி நான் அடித்துச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கோலா அதிகம் குடிக்கிற பெண்களுக்கு இடுப்பெலும்பு வலு குறைவாக இருப்பதாகச் சில ஆராய்ச்சி சொல்கிறது, காரணம் இதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை. நுரையால் இல்லை என்பது மட்டும் கிட்டத்தட்டத் தெரியும். சித்திக்கு மாதவிடாய் நின்று மூன்று வருஷம். முன்பெல்லாம் இரண்டு வேளை பால் டீ குடித்தவள். இந்த பாட்டில் வந்த பிறகு பாலையே நிறுத்திவிட்டாள். வயிறு உப்பிக்கொள்கிறது, மதியம் சோறு இறங்கவில்லை என்று மோரோடு விடுகிறாள். அதை மட்டும் சொன்னேன். தஞ்சாவூரில் எலும்பு அடர்த்தி பார்க்கலாம், நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"பசி அடங்குது இல்ல, அது நல்லதுதானே?" என்றார் சித்தப்பா, பிடிவாதமாக.

"கேஸு வயித்துல ரொம்பி நிக்குது, அவ்வளவுதான். சாயங்காலம் எத்தனை தட்டு சாப்புடுறீங்கன்னு சித்தியக் கேளுங்க."

"மூணு" என்றாள் சித்தி. அவர் அவளை முறைத்தார்.

"சிலருக்கு அப்படி ஆகுது, சிலருக்கு ஆகல. உங்களுக்கு ஆகுது. அதான் மாத்திர போட்டும் உங்க சர்க்கரை எறங்க மாட்டேங்குது. இத விடுங்க சித்தப்பா. மொதல்ல மனுவுலேருந்து என் சீட்ட எடுங்க."

இதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"எடுக்க முடியாது."

"சித்தப்பா, அந்தச் சீட்டு தண்ணியப் பத்திச் சொல்லவேல்ல. கம்பெனிக்காரன் டாக்டரக் கூட்டிட்டு வருவான். ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சுருவான்."

"தொண்ணூறு நாளா இந்தப் பல்லத்தான் ஊரு பாத்துருக்கு. இன்னைக்கி இல்லன்னு சொன்னா என்ன ஆவும் தெரியுமா? எல்லாம் பொய்யின்னுருவான். தண்ணி பொய்யி, வயலு பொய்யி, நம்ம பட்டாவும் பொய்யின்னுருவான்."

"பொய்ய நாம வச்சாத்தானே அவன் பொய்யிம்பான்?"

"நீ வராதே" என்றார். "டாக்டருக்குப் படிச்சா ஊருக்காக ஒரு சீட்டு நிக்கட்டும்னு நெனச்சேன். நீ வராதே தாயி. வந்தா வாயத் தொறக்காதே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை, அது நிற்காது. சித்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டுப்போட்ட கையால் என் முதுகைத் தடவினாள்.

மூன்று மணிக்கு நான் தாலுகா ஆபீஸில் இருந்தேன். வராதே என்றால் போகாமலிருக்க நானென்ன சின்னக் குழந்தையா?

நீள மேஜையின் தலைமாட்டில் தாசில்தார் அம்மா. ஒரு பக்கம் கம்பெனி அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த கம்பெனி டாக்டர். எதிரே சித்தப்பாவும் ஐயாவு அண்ணனும் ஊர்க்காரர்கள் எட்டுப் பேரும். வெளியே வேப்பமரத்தடியில் நம் ஜனம் முழுக்க நின்றது, ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு. ஆபீஸ் உதவியாளர் எல்லோருக்கும் தட்டில் கலர் கொண்டுவந்து வைத்தார். சித்தப்பா தன் பாட்டிலைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாசில்தார் மனுவின் முதல் பக்கத்தைத் திருப்பும்போதே கம்பெனி டாக்டர் கையை உயர்த்தினார். அவர் கையில் ஒரு போட்டோ இருந்தது. பந்தலில் சித்தப்பா பேசுகிற படம். கையில் பாட்டில்.

"மேடம், இவருடைய பல்லைத்தான் ஊர் முழுக்கக் காட்டியிருக்காங்க. நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

சித்தப்பா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். தொண்ணூறு நாள் கர்வமாகத் திறந்த வாய், இன்று பாதிதான் திறந்தது. டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். மேல் வரிசை, வெளிப்பக்கம், பிறகு கடைவாய். தலையை ஆட்டிக்கொண்டார்.

"சீட்டு கொடுத்த டாக்டர் இங்கே இருக்காங்களா?"

எழுந்தேன். எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவு அண்ணன் மட்டும் இன்னும் சிரித்த முகமாக இருந்தார். பாவம், ஒன்றும் தெரியாது.

"ஆசிட் அரிப்புன்னு எழுதியிருக்கீங்க. எந்த ஆசிட், டாக்டர்? எங்க கிணத்து ஆசிட்டா?"

நோயாளி என்னிடம் சொன்னதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் என் கையெழுத்தில் பொய் நிற்கவும் விடமாட்டேன்.

"அந்தச் சீட்டுல தண்ணின்னு நான் எழுதல. காரணம் பார்க்கணும்னு எழுதுனது ஜெராக்ஸ்ல மறைஞ்சு போச்சு. இன்னைக்கிக் காலைல அவங்க வீட்டு அடிபம்புத் தண்ணியப் பார்த்தேன். இந்த மாதிரிப் பல்லு தேய அந்தத் தண்ணில ஆசிட் இல்ல."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் சத்தமாகக் கேட்டாள்: "யாரு பக்கம் பேசுது இது?" இன்னொரு குரல், "படிக்க வச்சோம்ல, நமக்கு நல்லா வேணும்" என்றது. ஐயாவு அண்ணனின் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. கம்பெனி அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். வேலை முடிந்தது என்கிற மாதிரி.

"அப்ப எதனால, டாக்டர்?" என்று கம்பெனி டாக்டர் விடவில்லை. போட்டோவை மேஜை நடுவில் தள்ளினார்.

"அது என் நோயாளியோட விசயம். சொல்லணும்னா அவர் சொல்லணும்."

உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் இனி நான் நடமாட முடியுமா, சித்தி வீட்டுப் படி ஏற முடியுமா என்றெல்லாம் மனசு ஓடியது. தாசில்தார் மனுவை மூடப்போனார்.

"முதல் பக்கமே இப்படின்னா, மத்ததை நான் எப்படி நம்பறது?"

"அம்மா, செத்த இருங்க" என்றார் சித்தப்பா.

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, ஊருக்குக் கேட்கிற மாதிரி, பந்தலில் பேசுகிற குரலிலேயே பேசினார்.

"எம்பல்லு தண்ணியால போவல. இந்தா, இந்தப் போட்டாவுல இருக்கே, இந்தப் பாட்டிலால போச்சு. சர்க்கரை இல்லன்னாங்க, கெடுதல் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். நாலு வருசம், ஒரு நாளைக்கு ரெண்டு. என் அண்ணன் மகதான் இன்னைக்கிக் கண்டுபுடிச்சுச் சொல்லுச்சு. மறைக்கச் சொன்னதும் நாந்தான். அதுமேல யாரும் வாயி வைக்காதீங்க."

கம்பெனி அதிகாரி சிரித்தே விட்டார். "நன்றிங்க ஐயா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க" என்றார்.

சித்தப்பா மேஜைக்குக் குனிந்தார். மனுவை எடுத்து, முதல் தாளைப் பின்னோடு பிய்த்து என் பக்கம் நீட்டினார். மீதிக் கட்டைத் தாசில்தார் முன்னால் வைத்து இரண்டாம் பக்கத்தில் விரலை ஊன்றினார்.

"என் வாயி, என் பாட்டிலு. நானே காசு குடுத்து வாங்கி, நானே தொறந்து, நானே குடிச்சேன். போனது எம்பல்லு. ஐயாவு வயலு எந்தக் கடையில போயி எண்ணெ வாங்கிக் குடிச்சுச்சு? அத மட்டும் இந்த டாக்டரக் கேட்டுச் சொல்லுங்க அம்மா."

கம்பெனி டாக்டர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி போட்டோவைப் பார்த்தார். தாசில்தார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மண் பரிசோதனை அறிக்கையை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.